திருவாரூர் ஆழித்தேர்: முதல் முறை வடம் பிடிக்க வருகிறவர்களுக்கு

பங்குனி மாதம் வந்தால் வெளியூர்ச் சொந்தக்காரர்களிடமிருந்து எனக்கு ஒரே கேள்விதான் வரும். "இந்த வருசம் தேருக்கு வரலாமா? பிள்ளைகளைக் கூட்டிட்டு வரலாமா?" தாராளமாக வரலாம். ஆனால் தேரைப் பார்ப்பது வேறு, வடத்தைப் பிடிப்பது வேறு. பிடிக்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது வடத்தை எப்போது விடுவது என்பதைத்தான். கீழ வீதிப் பக்கமே பிறந்து வளர்ந்து, விவரம் தெரிந்த நாள் முதல் வடம் பிடிக்கிறவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

முதலில் நாள் கணக்கு. ஆழித்தேர் ஓடுவது பங்குனி ஆயில்யத்தில். பங்குனி உத்திரம் அதிலிருந்து மூன்று நான்கு நாள் தள்ளி வரும். பலரும் உத்திரத்தன்று தேர் என்று நினைத்துக்கொண்டு வந்து, நிலைக்கு வந்து நிற்கும் தேரைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். 2024-ல் தேர் மார்ச் 21, 2025-ல் ஏப்ரல் 7. நட்சத்திரத்தை வைத்து வருவதால் ஆங்கிலத் தேதி வருசத்துக்கு வருசம் மாறும். கோயில் திருவிழாப் பத்திரிகையைப் பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள்.

முந்தின நாளே வந்துவிடுங்கள்

இது நான் எல்லோரிடமும் வற்புறுத்திச் சொல்வது. தேரன்று காலையில் நேராகக் கூட்டத்துக்குள் வந்து இறங்கினால் தேரின் அடிப்பாகத்தைப் பார்க்கவே முடியாது. எதற்கு விலகி நிற்க வேண்டும் என்பதும் புரியாது. முந்தின நாள் சாயங்காலம் கீழ வீதிக்கு வந்தால் தேர் கட்டி முடிந்து நிற்கும். மரத்தேர் மட்டும் சுமார் 30 அடி. அதற்கு மேல் மூங்கிலும் சவுக்கும் கட்டி, தேர்ச்சீலை போட்டு, தொம்பைகள் தொங்கவிட்டு, கலசம் வைத்து முடிக்கும்போது 96 அடி உயரமாகிவிடும். எடை சுமார் 300 டன். முன்னால் நான்கு மரக்குதிரைகள் பாய்கிற மாதிரி நிற்கும். பிள்ளைகள் அதைத்தான் வெகுநேரம் பார்ப்பார்கள். பார்க்கட்டும். நீங்கள் சக்கரத்துக்குப் பக்கத்தில் போய்ப் பாருங்கள்.

இரும்புச் சக்கரங்கள், ஹைட்ராலிக் பிரேக். இரண்டும் திருச்சி பெல் நிறுவனம் செய்து கொடுத்தவை. அவற்றோடு, காலங்காலமாக இருக்கிற முட்டுக்கட்டையும் உண்டு. ஒரு பக்கம் சரிவாகச் செதுக்கிய கனமான மரக்கட்டை. ஓடுகிற சக்கரத்துக்கு முன்னால் அதைப் போட்டால் தேர் நிற்கும். தேரைத் திருப்புவதும் இதை வைத்துத்தான். காருக்கு இருப்பதுபோல இதற்கு ஸ்டீயரிங் கிடையாது. சக்கரங்கள் அச்சோடு நேராகத்தான் நிற்கும். தேர் இடப்பக்கமாக ஒதுங்கினால் வலப்பக்கச் சக்கரத்துக்குக் கட்டை போடுவார்கள். அந்தப் பக்கம் தடைபட, மற்றப் பக்கம் சுழன்று வர, தேர் நேராகும். இதைச் செய்கிறவர்கள் சக்கரத்துக்கு ஒரு முழத் தூரத்தில், ஓடுகிற தேரோடு பின்னோக்கி நடந்துகொண்டே போடுவார்கள். அவர்களுக்குக் கால் வைக்க இடம் வேண்டும். சக்கரத்துக்குப் பக்கத்தில் நாம் நிற்கக் கூடாது என்பதற்கு முதல் காரணம், நாம் மாட்டிக்கொள்வோம் என்பதைவிட, நம் மேல் இடித்து அவர்கள் தடுமாறுவார்கள் என்பதுதான்.

வடத்தையும் அப்போதே தொட்டுப் பாருங்கள். ஒரு கைப்பிடிக்குள் அடங்காத கயிறு. அதன் சொரசொரப்பை முந்தின நாளே கையால் உணர்ந்துவிட்டால், மறுநாள் அது கைக்குள் உருவிக்கொண்டு ஓடும்போது எப்படி இருக்கும் என்று புரிந்துவிடும்.

புறப்படுவதற்கு முன்னால் நடப்பவை

தியாகராஜ சுவாமி தேருக்கு எழுந்தருளும்போது நடந்து வருவதில்லை, ஆடி வருவார். அஜபா நடனம் என்பார்கள். மூச்சு ஏறி இறங்குவதுபோல அந்த அசைவு. தூக்கி வருகிறவர்கள் அதற்கென்று பழகியவர்கள். சுவாமியின் முகம் மட்டும்தான் தெரியும், மற்றதெல்லாம் பூவும் பட்டும் மூடியிருக்கும். பாத தரிசனம் மார்கழித் திருவாதிரையிலும் பங்குனி உத்திரத்திலும் மட்டும்தான். அதனால் தேரன்று "சுவாமி பாதம் தெரியலியே" என்று யாரும் முண்டியடிக்க வேண்டாம்.

தேரன்று அதிகாலையில் முதலில் விநாயகர் தேர், அடுத்து சுப்பிரமணியர் தேர். ஆழித்தேர் நடுவில். அதற்குப் பின்னால் நீலோத்பலாம்பாள் தேரும் சண்டிகேஸ்வரர் தேரும். மொத்தம் ஐந்து. சின்னப் பிள்ளைகள் இருக்கிற குடும்பத்துக்கு நான் சொல்லும் யோசனை இதுதான்: வடம் தொட வேண்டும் என்ற ஆசையை முன்னால் போகிற சிறிய தேர்களிலோ, பின்னால் வருகிற அம்மன் தேரிலோ தீர்த்துக்கொள்ளுங்கள். கூட்டம் குறைவு, வடமும் இலகு. ஆழித்தேரைப் பார்த்துக் கும்பிடுங்கள்.

புறப்படும் முன் தேருக்குத் தீபாராதனை ஆகும். சக்கரத்துக்குப் பூஜை செய்து, எலுமிச்சம்பழம் வைத்து, பூசணி, தேங்காய் உடைப்பார்கள். இதில் வெளியூர்க்காரர்கள் கவனிக்காத ஒன்று: உடைந்த தேங்காய்ச் சில்லு. செருப்பில்லாத காலில் ஏறினால் அங்கேயே குனிந்து பிடுங்கத் தோன்றும். நூறு பேர் நெருக்கிக்கொண்டு நிற்கிற இடத்தில் குனிவது மாதிரி ஆபத்து வேறில்லை. தேங்காய் உடைக்கிற இடத்திலிருந்து தள்ளி நின்றுவிடுங்கள். சில்லு குத்திவிட்டால் நொண்டிக்கொண்டே ஓரத்துக்கு வந்து, அப்புறம் எடுங்கள்.

பூஜை முடிந்ததும் பெரியவர்கள் வடம் பிடித்துக் கொடுப்பார்கள். நாமும் வடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் பிடிக்க வேண்டும். வடத்தைத் தாண்டக் கூடாது, மிதிக்கக் கூடாது என்று பெரியவர்கள் சொல்வார்கள். மரியாதைக்காகச் சொல்வதுதான். ஆனால் அதற்குள் இன்னொரு விசயம் இருக்கிறது. தளர்ந்து தரையில் கிடக்கிற வடம் இழுபட்டதும் ஒரே நொடியில் விறைத்து இடுப்பு உயரத்துக்கு எழும்பும். அந்த நேரத்தில் ஒரு காலை அந்தப் பக்கம் போட்டுத் தாண்டிக்கொண்டிருப்பவரைத் தூக்கி எறிந்துவிடும். என் அத்தை மகனுக்கு இப்படித்தான் முழங்கால் பிசகியது. தண்ணீர் பாட்டில் வாங்க வடத்தைத் தாண்டினான், அவ்வளவுதான். இரண்டு மாதம் நடக்க முடியவில்லை. மறுபக்கம் போக வேண்டுமானால் வடத்தின் நுனி வரை நடந்து சுற்றிக்கொண்டு போங்கள்.

எங்கே பிடிப்பது

வடத்தின் முன்பாதியில். தேருக்கு எவ்வளவு தள்ளியோ அவ்வளவு நல்லது. தேருக்குப் பக்கத்தில் பிடித்தால் புண்ணியம் அதிகம் என்று சிலர் சொல்லுவார்கள். அதை நம்பாதீர்கள், வடம் எங்கே பிடித்தாலும் வடம்தான். முன்பாதியில் இருந்தால், தடுக்கி விழுந்தாலும் எழுந்திருக்க நேரம் கிடைக்கும். தேர் மனிதன் நடக்கிற வேகத்துக்கு மேல் போவதில்லை. விழுந்தவருக்கும் சக்கரத்துக்கும் நடுவில் இருக்கும் தூரம்தான் அவருக்குக் கிடைக்கிற நேரம்.

அடுத்தது, வடத்தின் எந்தப் பக்கம். வடங்கள் பக்கம் பக்கமாகப் போகும். இரண்டு வடத்துக்கு நடுவில் மாட்டிக்கொண்டால் வெளியே வர வழியில்லை. ஓரத்து வடத்தில், வீதி ஓரத்தைப் பார்த்த வெளிப்பக்கத்தில் பிடியுங்கள். கையை விட்டு இரண்டு எட்டு வைத்தால் வெளியே வந்துவிட வேண்டும். அப்படி ஒரு இடம் கிடைக்கவில்லை என்றால் அந்த இழுப்பில் பிடிக்காதீர்கள். தேர் நின்று நின்றுதான் போகும், அடுத்த இழுப்பில் கிடைக்கும்.

பிடிக்கும் முறை எளிது. விரல்களால் மேலிருந்தும் கீழிருந்தும் பற்றிக்கொள்ளுங்கள். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளவே கூடாது, தோளில் போட்டுக்கொள்ளவும் கூடாது. மோதிரம், கைக்கடிகாரம், கண்ணாடி வளையல் எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றி வைத்துவிடுங்கள். பெண்கள் துப்பட்டாவையும் முந்தானையையும் இடுப்பில் நன்றாகச் செருகிக்கொள்ள வேண்டும். ஆண்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொள்வது நல்லது, இல்லையென்றால் பின்னால் வருகிறவர் மிதித்துவிடுவார். வடம் கைக்குள் வழுக்கி ஓடத் தொடங்கினால் இறுக்காதீர்கள், உடனே விடுங்கள். இறுக்கினால் உள்ளங்கைத் தோல் உரிந்துவிடும்.

"ஆரூரா!" என்று ஒரு குரல் எழும். "தியாகேசா!" என்று எல்லோரும் சொல்லி இழுப்போம். அந்தக் குரலோடு சேர்ந்து இழுத்தால்தான் தேர் அசையும். நின்ற தேரைக் கிளப்புவதுதான் கடினம், கிளம்பிவிட்டால் பிறகு இலகு. பின்னால் புல்டோசர் இரண்டு நெட்டித் தள்ளும், முன்னால் நாம் இழுப்போம். (அதனால் தேருக்குப் பின்னால் போய் நின்று போட்டோ எடுக்காதீர்கள். தேருக்கும் புல்டோசருக்கும் நடுவில் வேலை செய்கிறவர்களைத் தவிர வேறு யாருக்கும் இடமில்லை.) தேர் கிளம்பிய முதல் பத்து எட்டில் எல்லோரும் ஒரே நேரத்தில் முன்னால் பாய்வார்கள். பிடித்து இழுக்கிறோமே என்று பின்பக்கம் சாய்ந்து நின்றால் அப்போது மல்லாந்து விழுவோம். உடம்பை முன்னால் சாய்த்து, சின்னச் சின்ன எட்டாக வையுங்கள்.

நிறுத்தச் சொல்லி விசில் வந்தால் இழுப்பதை உடனே நிறுத்த வேண்டும். இதில்தான் புதியவர்கள் தவறுகிறார்கள். உற்சாகத்தில் இன்னும் நாலு எட்டு இழுப்பார்கள். சக்கரத்துக்குக் கட்டை போட்டிருக்கும் நேரத்தில் ஒரு வடம் மட்டும் இழுபட்டால் தேர் ஒரு பக்கமாக ஒதுங்கும். சுற்றி இருக்கிறவர்கள் கையைத் தூக்கினால் நீங்களும் வடத்தை விட்டுக் கையைத் தூக்குங்கள். விசில் காதில் விழாவிட்டாலும் தூக்கிய கைகள் கண்ணில் படும்.

வீதி முனைகள்

நேர் வீதியில் நடக்கிற தவறு சின்னது. முனையில் நடக்கிற தவறு பெரியது. தேர் கீழ வீதியிலிருந்து தெற்கு வீதி, மேல வீதி, வடக்கு வீதி என்று கோயிலை வலமாகச் சுற்றி நிலைக்கு வரும். அதனால் நான்கு முனையிலும் திரும்புவது வலப்பக்கமாகத்தான், அதாவது கோயில் பக்கமாக.

இதை மனதில் வைத்துக்கொண்டு யோசியுங்கள். தேர் முனைக்கு வந்து நிற்கிறது. சக்கரத்துக்கு அடியில் இரும்புப் பலகைகள் வைத்து, வழுக்குவதற்கு மசகு தடவுவார்கள். வடத்தை எடுத்துப்போய் அடுத்த வீதியில் நீட்டுவார்கள். வடம் இப்போது வளைந்து கிடக்கிறது. இழுத்ததும் என்ன ஆகும்? வளைந்த கயிறு நேராகும். நேராகும்போது முனையின் உட்பக்கத்தை நோக்கி, அதாவது வலப்பக்கச் சுவரை நோக்கிப் பக்கவாட்டில் அடித்துக்கொண்டு வரும். அந்தச் சுவரோரம் "இங்கே நிழலா இருக்கே" என்று நிற்கிறவர்களுக்குப் பின்னால் சுவர், முன்னால் வடம். முனையின் உட்பக்கத்தில் குடும்பத்தோடு நிற்கவே நிற்காதீர்கள். நிழல் இருந்தாலும், திண்ணை இருந்தாலும் வேண்டாம்.

வெளிப்பக்கமும் முழுக்கப் பத்திரம் என்று சொல்ல மாட்டேன். இரும்புப் பலகையில் தேர் வழுக்கித் திரும்பும்போது பின்பாகம் வெளிப்பக்கமாக வீசிவரும், சீலையும் தொம்பையும் நம் தலைக்கு மேலேயே வரும். போலீஸார் கட்டியிருக்கும் கயிற்றுக்கு வெளியே, முனையிலிருந்து நன்றாகத் தள்ளி நின்று பாருங்கள். ஒரு முனை திரும்ப நெடுநேரம் ஆகலாம். பார்க்கப் பார்க்க அலுக்காது. 96 அடி உயரமும் மெல்ல முகம் திருப்புகிற அந்த நேரம்தான் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால் முதல் முறை வருகிறவர்கள் முனையில் வடம் பிடிக்க வேண்டாம். முனைக்கு முன்பே விட்டுவிட்டு ஓரமாக வந்துவிடுங்கள்.

குடும்பத்தோடு வந்தால்: எங்கள் வீட்டில் செய்தது

என் தங்கை கோயம்புத்தூரிலிருந்து குடும்பத்தோடு வந்திருந்தாள். மாப்பிள்ளை, 9 வயதுப் பெண், 4 வயதுப் பையன், கூட என் அம்மாவும். அம்மாவுக்கு 70 தாண்டிவிட்டது. முந்தின நாள் எல்லோரையும் கூட்டிப் போய்த் தேரைக் காட்டினேன். அப்போதே கூடும் இடத்தை முடிவு செய்தோம். "தேர் பக்கத்தில் பார்க்கலாம்" என்று சொல்லிக்கொள்வதில் பிரயோஜனம் இல்லை, தேர் ஒரு இடத்தில் நிற்காது. அதனால் வீதியை விட்டு உள்ளே தள்ளி, சந்துக்குள் இருக்கிற ஒரு மருந்துக் கடையின் படிக்கட்டு என்று முடிவு செய்து, பெண்ணை அங்கே நடக்க வைத்தே காட்டினோம். கூட்டத்தில் போன் எடுக்காது, எடுத்தாலும் பேசுவது கேட்காது. பையனின் சட்டைப் பைக்குள் போன் நம்பர் எழுதிய சீட்டு ஒன்று, முன்கையில் பேனாவால் எழுதியது ஒன்று. வேர்வையில் கை எழுத்து அழிந்துபோனது, சீட்டுதான் மிஞ்சியது. பிளாஸ்டிக் கவரில் போட்டு வைத்தால் இன்னும் நல்லது.

காலையில் வயிறு நிறைய இட்லி. அம்மாவும் பையனும் தெரிந்தவர் வீட்டுத் திண்ணையில், வீதியின் நேரான நடுப்பகுதியில் உட்கார்ந்துகொண்டார்கள். மாடியில் ஏறிப் பார்க்கலாம் என்று மாப்பிள்ளை சொன்னார். கைப்பிடிச் சுவர் பழையது, அதற்குள் மேலே நாற்பது பேர். வேண்டாம் என்று நான்தான் தடுத்தேன். பையனைத் தோளில் தூக்கி வைத்துக்கொள்வதும் வேண்டாம் என்றேன். கூட்டம் அலை மாதிரி ஒரு பக்கம் சாயும்போது, தோளில் பிள்ளை இருந்தால் நம்மால் கையை நீட்டிச் சமாளிக்க முடியாது. இடுப்பில் வைத்து மார்போடு அணைத்துக்கொள்வதுதான் சரி.

தங்கையும் பெண்ணும் அம்மன் தேரில் வடம் பிடித்தார்கள். பெண்ணுக்குப் பின்னால் தங்கை நின்று, இரு கையாலும் அவளைச் சுற்றி வளைத்து வடத்தைப் பிடித்துக்கொண்டாள். முப்பது நாற்பது எட்டு இழுத்ததும் வெளியே வந்துவிட்டார்கள். மாப்பிள்ளையும் நானும் ஆழித்தேருக்குப் போனோம். ஒரு பெரியவர் நடுவீதியில் துண்டை எடுக்கக் குனிந்தார். பக்கத்தில் இருந்தவர்கள் அவரை அக்குளில் கை கொடுத்துத் தூக்கி நிறுத்தினார்கள். துண்டு போய்விட்டது. போகட்டும். போன் விழுந்தாலும் செருப்பு கழன்றாலும் போனது போனதுதான்.

நெருக்கம் அதிகமாகி மூச்சு முட்டினால் இரண்டு முழங்கையையும் மார்புக்கு முன்னால் மடித்துக் குத்துச்சண்டைக்காரர் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். மூச்சு விட இடம் கிடைக்கும். கூட்டத்தை எதிர்த்துத் தள்ளாமல், அது போகிற திசையிலேயே குறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக ஓரத்துக்கு நகருங்கள். விழுந்துவிட்டால் வடத்துக்கு எதிர்ப்பக்கம் உருண்டு, பக்கத்தில் இருப்பவர் காலையோ வேட்டியையோ பிடித்துக்கொண்டு எழுந்திருங்கள். கூச்சப்படாமல் கத்துங்கள். தேர் வீதியில் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

பங்குனி வெயில் பதினோரு மணிக்கே தார் ரோட்டைக் காய்ச்சிவிடும். தண்ணீர் தெளிப்பார்கள், அந்த ஈரம் வழுக்கும். வழியெல்லாம் நீர்மோரும் பானகமும் கொடுப்பார்கள். வாங்கிக் குடியுங்கள், ஆனால் வடத்தில் நின்றபடி கை நீட்டாதீர்கள். வெளியே வந்து குடியுங்கள். தலை சுற்றல், நாக்கு உலர்வது, வேர்வை நின்றுபோவது இதெல்லாம் தெரிந்தால் அன்றைக்கு வடம் போதும்.

ஊர்த் தேருக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை

ஆழித்தேர் ஓடும்போது மின்கம்பி தேரில் படாதபடி முன்கூட்டியே ஏற்பாடு செய்துவிடுவார்கள். கிராமத்துச் சப்பரத்துக்கு எல்லா இடத்திலும் இப்படி நடப்பதில்லை. 2022 ஏப்ரல் 27 விடியற்காலையில் தஞ்சாவூர் பக்கத்துக் களிமேட்டில், அப்பர் சதய விழாத் தேர் உயர் அழுத்த மின்கம்பியில் உரசி 11 பேர் இறந்துபோனார்கள். குழந்தைகளும் அதில் உண்டு. உங்கள் ஊரில் தேர் என்றால் முந்தின நாள் தேர் போகிற பாதையை ஒருமுறை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்து வாருங்கள். கலசத்தின் உயரத்துக்குக் கம்பி எங்கே போகிறது, புதிதாக ரோடு போட்டு மேடு ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ரோடு ஓரடி உயர்ந்தால் தேரும் ஓரடி உயரும். போன வருசம் இடிக்காத கம்பி இந்த வருசம் இடிக்கும். மின்சாரம் நிறுத்தியாகிவிட்டது என்று மின்வாரியத்தார் சொல்லும் வரை வடத்தைத் தொடாதீர்கள், பிள்ளைகளைத் தேரில் ஏற்றாதீர்கள்.

ஆழித்தேர் நிலைக்கு வந்து சேர்வது சாயங்காலமோ, அதற்கும் பிறகோ. கடைசி இழுப்பில் எல்லோரும் வடத்துக்கு வந்துவிடுவார்கள். கீழ வீதியில் கூட்டம் மறுபடியும் காலை போல ஆகிவிடும், பிள்ளைகளை அதற்குள் கொண்டு போகாதீர்கள். தேர் நின்றதும் ஒரு மணி நேரம் பொறுத்தால் கூட்டம் கலைந்துவிடும். அப்போது அம்மாவையும் பையனையும் கூட்டிக்கொண்டு போனோம். வடம் வீதியில் நீளமாகத் தளர்ந்து கிடந்தது. பையன் உட்கார்ந்து அதைத் தொட்டான், கண்ணில் ஒற்றிக்கொண்டான். எழுந்தபோது உள்ளங்கையில் ஒட்டியிருந்த நாரை ஒவ்வொன்றாக எடுத்து, சட்டைப் பையில் அந்தச் சீட்டோடு போட்டுக்கொண்டான்.